சித்த இருங்க: ஓர் ஆங்கிலப் பேச்சுத்தொடரும் சேலம், நாமக்கல் வட்டாரத் தமிழும்

ஆங்கிலத்தில் ஒருவரைக் கொஞ்சம் காத்திருக்கச் சொல்வதற்கு ‘ஹேங் ஆன் எ மினிட்’ என்ற தொடர் உண்டு. லண்டனிலும் சிகாகோவிலும் சிட்னியிலும் இதே தொடர்தான். சொல்கிறவர் முதலாளியா வேலையாளா, கேட்கிறவர் மூத்தவரா சிறுவரா, இருவரும் உறவா அன்னியரா என்பது அந்தச் சொற்களிலிருந்து தெரியாது. குரலும் சூழலும்தான் அதைக் காட்டும். அதையே தமிழில் சொல்ல வாய் திறந்தால் இவை எல்லாம் முதலிலேயே முடிவாகிவிட வேண்டும். ‘இரு’ என்றால் ஒரு உறவு, ‘இருங்க’ என்றால் வேறு உறவு, ‘இருப்பா’, ‘இருடா’, ‘இருங்ணா’ என்றால் இன்னும் வேறு. கூடவே, எந்த ஊர்க்காரர் பேசுகிறார் என்பதையும் அந்த ஒரு வினைச்சொல்லே காட்டிக்கொடுத்துவிடும்.

இந்தத் தொடரைச் சேலம், நாமக்கல் சமவெளியின் பேச்சுத்தமிழில் கொண்டுவருவது எப்படி என்பதே இங்கே எடுத்துக்கொண்ட பொருள். நாடக வசனம், கதை உரையாடல், படங்களின் மொழிமாற்றம், விளம்பரம், பயிற்சிக் குறும்படம் என்று பல இடங்களில் இந்த வேலை வருகிறது. பெரும்பாலும் மொழிபெயர்ப்பவர்கள் வட்டாரச் சொல் ஒன்றைத் தேடிப் பிடித்து வாக்கியத்தில் செருகிவிட்டு, வட்டார வழக்கு வந்துவிட்டதாக நினைக்கிறார்கள். அது தவறான தொடக்கம். வட்டாரம் முதலில் குடியிருப்பது வினையின் ஈற்றிலும் விளியிலும்தான். சொல் அதற்குப் பிறகே வருகிறது.

எழுத்துத் தமிழுக்கும் பேச்சுத் தமிழுக்கும் உள்ள தூரத்தை முதலில் பார்க்க வேண்டும். ‘சற்றுப் பொறுங்கள், வந்துவிடுகிறேன்’ என்பது பிழையில்லாத தமிழ். ஆனால் எந்த ஊரிலும் யாரும் வீட்டுவாசலில் நின்று இப்படிச் சொல்வதில்லை. அமெரிக்க மொழியியலாளர் சார்லஸ் ஃபெர்குசன் 1959இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு, ஒரே மொழிக்குள் உயர்வழக்கும் தாழ்வழக்கும் தனித்தனி வேலைகளைப் பங்குபோட்டுக்கொண்டு நிற்பதை ‘இரட்டை வழக்கு’ என்று அழைப்பது நிலைபெற்றது. தமிழ் அதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. ஆங்கிலத் தொடர் இயல்பான பேச்சாக இருக்கும்போது தமிழில் எழுத்துவழக்கை வைத்தால் பொருள் வந்துசேரும். பேசுகிற ஆள் காணாமல் போய்விடுவார். ஆகவே பேச்சுவழக்குக்குப் போயே தீர வேண்டும். போனவுடன் எந்தப் பேச்சுவழக்கு என்ற கேள்வி எழுகிறது.

எல்லாருக்கும் பொதுவான பேச்சுத்தமிழ் ஒன்று இருக்கிறதா? ஓரளவுக்கு இருக்கிறது. படித்தவர்கள் வேற்றூர்க்காரர்களோடு பேசும்போதும், திரைப்படத்தின் நடுத்தரக் குடும்பப் பாத்திரங்கள் பேசும்போதும், தொலைக்காட்சி நேர்காணலிலும் கேட்கிற தமிழ் அது. ஹரால்ட் ஷிஃப்மன் 1999இல் வெளியிட்ட பேச்சுத்தமிழ் இலக்கணம் பெரும்பாலும் இதைத்தான் விளக்குகிறது. ‘கொஞ்சம் இருங்க, வந்துடறேன்’ என்பது அந்தப் பொதுவழக்கு. இது எந்த ஊரிலும் புரியும், யாரையும் உறுத்தாது. கதை லண்டனில் நடந்து, பேசுகிறவர் அந்த ஊர்க்காரராகவே இருந்தால், இதைத் தாண்டிப் போக வேண்டிய தேவையே இல்லை. டெக்சாஸ் மாட்டுப்பண்ணைக்காரரைக் கொங்குத் தமிழ் பேசவைத்தால், வாசகரின் மனக்கண்ணில் அவர் பரமத்தி வேலூர்க்காரராகி, தோட்டத்து வரப்பில் நடக்கத் தொடங்கிவிடுவார். கிராமத்துக்கு ஈடாகக் கிராமம், வட்டாரத்துக்கு ஈடாக வட்டாரம் என்ற கணக்கு மொழிபெயர்ப்பில் பெரும்பாலும் தோற்றுப்போவதற்குக் காரணம் இதுதான். வட்டார வழக்கு ஒரு குணத்தை மட்டும் சுமந்து வருவதில்லை. ஒரு நிலத்தையும் அதன் உறவுமுறைகளையும் சேர்த்தே கொண்டுவருகிறது.

வட்டார வழக்கைத் தேர்ந்தெடுக்க நியாயமான இடங்கள் வேறு. கதையே நாமக்கல்லுக்கு மாற்றி அமைக்கப்பட்டிருக்கலாம். கேட்கப்போகிறவர்கள் அந்த ஊர்க்காரர்களாக இருக்கலாம்: லாரிப் பட்டறையில் காட்டப்போகும் பாதுகாப்புக் குறும்படம், கோழிப்பண்ணை வேலையாட்களுக்கான பயிற்சிப்படம், ஊர்த் திருவிழாவில் போடுகிற நாடகம் போல. அல்லது, பல ஊர்க்காரர்கள் சேர்ந்து பேசும் காட்சியில் ஒருவர் இந்தப் பக்கத்துக்காரர் என்று மூலமே சொல்லியிருக்கலாம். இங்கெல்லாம் ‘கொஞ்சம் இருங்க, வந்துடறேன்’ போதாது. புரியும், ஆனால் டிவியில் வருகிற ஆள் பேசுவதுபோல இருக்கும்.

சேலம், நாமக்கல் என்று சேர்த்துச் சொன்னாலும் இது ஒரே சீரான பேச்சு இல்லை. 1792இல் கேப்டன் அலெக்சாண்டர் ரீடின் கீழ் உருவான பழைய சேலம் மாவட்டம் மிகப் பெரியது. அதிலிருந்து தருமபுரி 1965இலும் நாமக்கல் 1997இலும் பிரிந்தன. மேற்கே சங்ககிரி, எடப்பாடி, திருச்செங்கோடு, குமாரபாளையம், பள்ளிபாளையம் ஆகியவை ஈரோட்டோடு சேர்ந்த கொங்குப் பேச்சின் நடுப்பகுதி. தெற்கே பரமத்தி வேலூரும் மோகனூரும் காவிரிக்கு அக்கரையிலுள்ள கரூர்ப் பேச்சோடு உறவாடுகின்றன. கிழக்கே ஆத்தூர், தலைவாசல் என்று போகப் போகக் கொங்கின் இழுவை தளர்ந்து கள்ளக்குறிச்சிப் பக்கத்துச் சாயல் ஏறுகிறது. வடக்கே ஓமலூர் தாண்டித் தருமபுரிக்குள் நுழைந்தால் ‘வந்துக்கினு’, ‘போய்க்கினு’ என்ற வடதமிழ் வடிவங்கள் காதில் விழத் தொடங்கும். சேலம் நகரமோ தனி. குகை, அம்மாப்பேட்டை, செவ்வாய்ப்பேட்டை என்று பழைய நெசவு, வணிகப் பகுதிகளைச் சுற்றி வளர்ந்த ஊர் அது. சௌராஷ்டிரம், தெலுங்கு, கன்னடம், உருது ஆகியவற்றை வீட்டுமொழியாகக் கொண்டவர்கள் அங்கே பல தலைமுறைகளாகத் தமிழைக் கடைத்தெரு மொழியாகப் பேசிவருகிறார்கள். அதனால் நகரப் பேச்சில் கொங்கின் அடையாளங்கள் இருந்தாலும் அடர்த்தி குறைவு. மொழிபெயர்ப்பவர் ‘கொங்குத் தமிழ்’ என்று பொதுவாக எடுத்துக்கொள்ளாமல், திருச்செங்கோடா, ஆத்தூரா, சேலம் கடைத்தெருவா என்று முதலில் தீர்மானிக்க வேண்டும். இந்த விளக்கம் இனி நாமக்கல், திருச்செங்கோடு பக்கத்தை மனத்தில் வைத்துச் செல்கிறது.

இந்தப் பக்கத்துப் பேச்சின் உயிர்நாடி ‘ங்க’ என்ற ஒட்டு. ‘வாருங்கள்’ என்ற ஏவல் பேச்சில் ‘வாங்க’ ஆனது எல்லா ஊருக்கும் பொது. அங்கே ‘ங்க’ என்பது வருகிறவருக்கான மரியாதை. கொங்குப் பேச்சில் அது அந்த எல்லையைத் தாண்டி வெகுதூரம் போய்விட்டது. ‘நான் போறேனுங்க’ என்ற வாக்கியத்தில் போகிறவர் பேசுகிறவர்தான். தனக்குத்தானே யாரும் மரியாதை கொடுத்துக்கொள்வதில்லை. அங்குள்ள ‘ங்க’ கேட்கிறவருக்கானது. ‘மழை வருதுங்க’, ‘வண்டி நின்னு போச்சுங்க’, ‘ஆமாங்க’, ‘இல்லீங்க’, ‘என்னுங்க’ எல்லாமே அப்படித்தான். மரியாதை வாக்கியத்தின் எழுவாயோடு ஒட்டாமல், எதிரில் நிற்பவரோடு ஒட்டிக்கொள்கிறது. விரைந்து பேசும்போது ஈற்று உயிர் தேய்ந்து ‘போறேனுங்’, ‘சரிங்’ என்று மெல்லொலியோடு நின்றுவிடும். மற்ற ஊர்களிலும் ‘சரிங்க’, ‘இல்லைங்க’ உண்டு. ஆனால் தன்மை வினையிலும் அஃறிணை வினையிலும் இவ்வளவு தாராளமாக அது ஒட்டுவது மேற்குப் பகுதியின் தனி அடையாளம்.

இதனால் மொழிபெயர்ப்பில் ஒரு சிக்கல் முளைக்கிறது. பொதுவழக்கில் ஏவல் வினை ஒன்றில் மட்டும் மரியாதையைத் தீர்மானித்தால் போதும். இந்த வட்டாரத்தில் உரையாடலின் ஒவ்வொரு வரியிலும் அதைத் தீர்மானித்தாக வேண்டும். ‘ஐ டோன்ட் நோ’ என்ற வெறும் செய்தி வாக்கியத்துக்கும் ‘தெரியல’, ‘தெரீலீங்க’ என்று இரண்டு வடிவங்கள் உண்டு. மூத்தவரிடம் ‘தெரியல’ என்று வெறுமனே சொல்லி நிறுத்தினால், இந்த ஊர்க் காதுக்கு அது வெடுக்கென்று இருக்கும். ஆங்கில மூலத்தில் அந்த வெடுக்கு இல்லாமலிருக்கும்போது தமிழில் அது புகுந்துவிட்டால், நல்ல பிள்ளையாக எழுதப்பட்ட பாத்திரம் திமிர் பிடித்தவனாகிவிடுவான்.

‘ங்க’வோடு விளி சேர்ந்து இறுகுவது அடுத்த நிலை. ‘இருங்க அண்ணா’ என்ற இரண்டு சொற்கள் இங்கே ‘இருங்ணா’ என்று ஒன்றாகிவிட்டன. ‘வாங்ணா’, ‘சொல்லுங்ணா’, ‘ஆமாங்ணா’ என்று எதனோடும் அது ஒட்டும். பெண்ணாக இருந்தால் ‘இருங்க்கா’. இது உடன்பிறந்த அண்ணனுக்கான சொல்லாக நிற்கவில்லை. பெட்ரோல் பங்கில், டீக்கடையில், பேருந்தில், தன்னைவிட வயதில் மூத்த ஆண் யாரையும் இப்படி அழைக்கலாம். ஏறத்தாழ ஒத்த வயதுள்ள அன்னியரையும் அழைக்கலாம். சென்னையின் ‘பா’ தோழமையைக் காட்டும், மரியாதையைக் காட்டாது. இந்த ‘ங்ணா’ இரண்டையும் ஒருசேரக் காட்டும். ஆங்கிலத்தின் இயல்பான, இறுக்கமில்லாத தொனியை நாமக்கல் ஆண்களின் பேச்சில் கொண்டுவர இதைவிடப் பொருத்தமான கருவி கிடைக்காது.

கீழ்நோக்கிப் பேசும்போது ‘கண்ணு’ வருகிறது. மூத்தவர்கள் சிறுவர்களை ‘கண்ணு’ என்றும், பெண்பிள்ளைகளை ‘அம்மணி’ என்றும் அழைப்பார்கள். ‘வாங்க கண்ணு, சாப்புடுங்க’ என்று சின்னக் குழந்தையிடமும் ‘ங்க’ போட்டுப் பேசும் வீடுகள் இங்கே நிறைய. மற்ற ஊர்க்காரர்கள் இதைக் கேட்டு வியப்பதும் வழக்கம். அதைக்கொண்டு இந்த ஊரில் எல்லாருக்கும் எல்லாரும் மரியாதை கொடுத்தார்கள் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பண்ணையத்தில் வேலை செய்த அருந்ததியர்கள் கவுண்டர் வீட்டுச் சிறுவனையும் ‘ங்க’ போட்டும் ‘சாமி’ என்றும் அழைக்க வேண்டியிருந்தது. அந்தச் சிறுவன் தன் தாத்தா வயதுள்ள வேலையாளைப் பெயர் சொல்லி ஒருமையில் கூப்பிட்டான். பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’ நாவலில் ஆடு மேய்க்கும் சிறுவர்களின் உலகம் இந்த ஏற்றத்தாழ்வின் நடுவில்தான் நிகழ்கிறது. அதே ‘இருங்க’ ஓரிடத்தில் அன்பு, ஓரிடத்தில் பழக்கம், ஓரிடத்தில் அச்சம். ஆங்கிலத்திலுள்ள ‘ஹேங் ஆன்’ பண்ணையாள் வாயிலும் பண்ணையார் வாயிலும் ஒன்றுபோல் ஒலிக்கும். தமிழில் அப்படி ஒலிக்கவைக்க முடியாது. கதை எந்தக் காலத்தில் நடக்கிறது, பேசுகிற இருவரும் சாதிப் படிநிலையில் எங்கே நிற்கிறார்கள் என்பதை மொழிபெயர்ப்பவர் தெரிந்துகொள்ளாமல் இந்த ஒரு சொல்லைக்கூட எழுத முடியாது. தெரியாமல் எழுதினால், மூலத்தில் இல்லாத ஓர் அடிமைத்தனத்தை நுழைத்துவிடுவார்; அல்லது இருந்த ஒன்றை மறைத்துவிடுவார்.

அடுத்தது வினைமுடிவு. ‘வந்துவிடுகிறேன்’ என்பது பொதுவழக்கில் ‘வந்துடறேன்’ அல்லது ‘வந்துர்றேன்’. சேலம், நாமக்கல் பக்கத்தில் இது ‘வந்தர்றேன்’ என்று சுருங்கும். ‘போயர்றேன்’, ‘முடிச்சர்லாம்’ எல்லாம் இதே வார்ப்பு. ஒரு செயலை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போவதைச் சொல்ல ‘போட்டு’ என்ற துணைவினை வரும்: ‘சாப்ட்டுப்போட்டு வர்றேன்’. சென்னைக்காரர் இதைக் கேட்டால் ‘எதைப் போட்டு?’ என்று திகைப்பார். உடைமையைச் சொல்ல ‘என்ற’, ‘உன்ற’ என்ற வடிவங்கள் உண்டு: ‘என்ற வண்டி’, ‘உன்ற ஊடு’. இவை எல்லாம் சின்னச்சின்ன ஈறுகள்தான். அகராதியில் தலைச்சொல்லாக நிற்காதவை. இவை சரியாக விழுந்தால், ஒரு வட்டாரச் சொல்கூட இல்லாமலேயே பேச்சு நாமக்கல் பேச்சாகிவிடும். இவை தவறிவிட்டால், எத்தனை வட்டாரச் சொற்களைக் கொட்டினாலும் ஒட்டாது.

சொற்களுக்கு இப்போது வரலாம். கொஞ்ச நேரத்தைக் குறிக்க இங்கே பழக்கமான சொல் ‘சித்த’. ‘சித்தெ’, ‘சித்த நேரம்’ என்றும் வரும். சிறுமையைக் குறிக்கும் பழைய தமிழ்ச்சொற்களில் உள்ள ‘ற்ற’, பேச்சில் ‘த்த’ ஆவது இயல்பு. ‘காற்று’ ‘காத்து’ ஆனதுபோல. இதற்கு நெருங்கிய ‘செத்த’ என்ற வடிவம் திருநெல்வேலியிலும் தஞ்சைப் பிராமணர் பேச்சிலும் கேட்கிறது. ஆகவே ‘சித்த’ மட்டும் ஒருவரை நாமக்கல்காரராக்கிவிடாது. திருநெல்வேலிக்காரர் ‘செத்த பொறுல’ என்பார், பிராமணக் குடும்பத்தில் ‘செத்த இருங்கோ’ என்பார்கள், திருச்செங்கோட்டில் ‘சித்த இருங்க’ என்பார்கள். மூன்றையும் பிரித்துக்காட்டுவது ஈறுதான். யாழ்ப்பாணத்தில் ‘கொஞ்சம் பொறுங்கோ, வாறன்’ என்பார்கள். அங்கே நேரச்சொல் பொதுவானது. ‘பொறுங்கோ’வும் ‘வாறன்’னும் சேர்ந்துதான் ஊரைச் சொல்கின்றன.

அகராதிகள் இந்த வேலையில் எவ்வளவு உதவும்? கி. ராஜநாராயணன் கரிசல் வட்டாரத்துக்கு 1982இல் ஒரு சொல்லகராதியைத் தந்து வழிகாட்டினார். அதே தடத்தில் பெருமாள்முருகனின் ‘கொங்கு வட்டாரச் சொல்லகராதி’ 2000இல் வந்தது. அவர் திருச்செங்கோட்டுப் பக்கத்துக்காரர் என்பதால், நாமக்கல் மொழிக்கு அது இன்றும் முதல் துணை. பேச்சுமொழி நாவலுக்குள் எப்படி உட்கார்கிறது என்று பார்க்க விரும்புகிறவர்கள் ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ நாவலுக்குப் போகலாம். 1942இல் வெளிவந்த அந்த நாவலைத் தமிழின் முதல் வட்டார நாவலாகச் சொல்வது வழக்கம். ஆனால் அகராதி ஒரு சொல்லின் பொருளைத் தரும். யார், யாரிடம், எந்த வயதில் அதைச் சொல்வார் என்பதை எப்போதும் தராது. ‘பழமை’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளலாம். கொங்கில் ‘பழமை பேசறது’ என்றால் உட்கார்ந்து கதையளப்பது. ‘வீ வேர் ஜஸ்ட் சாட்டிங்’ என்பதற்கு ‘சும்மா பழமை பேசிட்டிருந்தோம்’ என்பது அழகான ஈடு. ஆனால் வெளியூர் வாசகர் அதைப் பழங்காலப் பெருமை பேசியதாக எடுத்துக்கொள்வார். அத்துடன் அது பெரியவர்கள் வாயில் பொருந்துகிற அளவுக்கு இருபது வயது இளைஞன் வாயில் பொருந்தாது. ‘நோம்பி’யும் இப்படித்தான். இங்கே அது திருவிழா. வெளியூரில் நோன்பு என்று நினைப்பார்கள். ‘என்ற வண்டி’யை அச்சில் படிக்கிறவர் ‘என்று சொல்லப்பட்ட வண்டி’ என்று தடுக்கிவிழவும் கூடும். இத்தகைய சொற்களை நீக்க வேண்டியதில்லை. பொருளைச் சூழல் தாங்கிக்கொள்ளும் இடத்தில் மட்டும் வைக்க வேண்டும்.

இனி ஒரு காட்சியை எடுத்துக்கொண்டு படிப்படியாகப் போகலாம். நாமக்கல்லில் லாரிப் பட்டறை. லாரிக்கு அடியில் படுத்து வேலை பார்க்கும் இருபது வயது மெக்கானிக். வெளியே ஐம்பது வயது டிரைவர் வந்து கூப்பிடுகிறார். ஆங்கில வசனம் இது: ‘ஹேங் ஆன் எ மினிட், ஐ வில் பீ ரைட் தேர்.’

முதலில் பொருளைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ‘ஹேங் ஆன்’ என்பதற்கு வேறு வேலைகளும் உண்டு. எதிராளி சொல்வதை இடைமறித்து, ‘அது சரியில்லையே’ என்று தடுப்பதற்கும் இதையே சொல்வார்கள். அந்த இடத்தில் ‘சித்த இருங்ணா’ பொருந்தாது. ‘இருங்க இருங்க, அது அப்படி இல்லீங்ணா’ என்று இரட்டித்து வரும், குரலும் உயரும். எதையாவது கெட்டியாகப் பிடித்துக்கொள்ளச் சொல்வதற்கும் இதே சொல்தான்; அப்போது ‘நல்லாப் புடிச்சுக்கங்க’. இங்கே டிரைவர் கூப்பிட்டதற்குப் பதில் என்பதால் காத்திருப்பதே பொருள்.

பிறகு வினை. ‘இரு’, ‘நில்’, ‘பொறு’ மூன்றும் கைவசம் இருக்கின்றன. ‘நில்லுங்க’ என்றால் நடக்கிறவரை நிறுத்துவதாகிவிடும். இங்கே டிரைவர் ஏற்கெனவே நிற்கிறார். ‘பொறுங்க’வில் ‘அவசரப்படாதீங்க’ என்ற மெல்லிய கண்டிப்பு கலந்திருக்கும். இளையவன் மூத்தவரிடம் சொல்லத் தகாதது அது. ‘இருங்க’வில் அந்த வில்லங்கம் இல்லை.

நேரச்சொல்லில்தான் மொழிபெயர்ப்பவர்கள் வழக்கமாகச் சறுக்குகிறார்கள். ‘சித்த’ இந்த மண்ணின் சொல் என்பதற்காக அதையே வைக்கத் தோன்றும். ஆனால் இன்று பட்டறையில் வேலை செய்யும் இருபது வயதுக்காரன் ‘ஒரு நிமிசம்’ என்பான். ‘வெயிட் பண்ணுங்ணா’ என்றும் சொல்வான். லாரித் தொழில் இந்தியா முழுக்க ஓடுகிற தொழில்; பட்டறையின் பேச்சில் ஆங்கிலச் சொல் சர்வசாதாரணம். ‘சித்த’ அவன் பாட்டி வாயில் இயல்பாக வரும், அம்மா வாயிலும் வரும். அவன் வாயில் வைத்தால் கிராமத்துக் கிழவரின் சொல்லை இளைஞன் கடன் வாங்கியதுபோல இருக்கும். வட்டார வழக்கு என்றால் பழைய வழக்கு என்று எடுத்துக்கொள்வது இந்தத் துறையில் மிகப் பரவலான பிழை. வட்டாரப் பேச்சும் மாறிக்கொண்டே இருக்கிறது. ஆனால் தன் ஊர் வழியிலேயே மாறுகிறது. ‘வெயிட் பண்ணு’ என்ற ஆங்கிலக் கலப்பு மாநிலத்துக்கே பொது. அதன்மேல் ஏறுகிற ‘ங்ணா’ மேற்குக்கு உரியது.

விளியில் இங்கே ஐயமில்லை. வயது இடைவெளி முப்பது என்றாலும் தொழிலிடத்தில் ‘ணா’ செல்லும். உண்மையான உறவுமுறை இருந்தால் அது முந்திக்கொள்ளும். தாய்மாமனாக இருந்தால் ‘மாமா’, அப்பாவின் அப்பாவாக இருந்தால் ‘அப்பாரு’, அம்மாவின் அப்பாவாக இருந்தால் ‘அப்புச்சி’. கடைசியில் ‘ரைட் தேர்’ என்ற உறுதி. ‘அங்கேயே சரியாக இருப்பேன்’ என்று சொல்லுக்குச் சொல் போனால் அபத்தமாகும். உடனே முடித்து வருவேன் என்ற உறுதியை ‘வந்தர்றேன்’ என்பதில் உள்ள முடிவுத்துணைவினையே தந்துவிடுகிறது. எல்லாம் சேர்ந்து, ‘ஒரு நிமிசம் இருங்ணா, வந்தர்றேன்’ என்று வாக்கியம் அமைகிறது. ‘வந்தர்றேன்’ என்பதோடு இன்னொரு ‘ங்க’ தேவையில்லை. ஒரு மூச்சில் சொல்லும் வாக்கியத்தில் மரியாதை ஒருமுறை விழுந்தால் போதும்.

ஆட்களை மாற்றினால் வாக்கியமும் மாறும். டிரைவர் கீழே இருந்து, பையன் கூப்பிட்டால், ‘இரு கண்ணு, வந்தர்றேன்’. திருச்செங்கோட்டு வீட்டில் அறுபது வயது அம்மாள் வாசலில் வந்து நிற்கும் விருந்தாளியிடம் உள்ளிருந்து சொன்னால், ‘சித்த இருங்க, இதா வந்தர்றேனுங்க’. இங்கே ‘சித்த’ தன் சொந்த இடத்தில் இருக்கிறது. இரண்டாவது ‘ங்க’வும் விருந்தினருக்கான கூடுதல் உபசாரமாக நிற்கிறது. ஒத்த வயது நண்பர்கள் இருவர் என்றால் ‘இருடா, வர்றேன்’ என்பதோடு முடிந்தது. அதில் வட்டாரமே தெரியாது. நெருக்கமான நண்பர்கள் பேசும் குறுகிய வாக்கியங்களில் ஊர் அடையாளம் மங்கிவிடுவது உண்மை நிலைமை. அதை வலிந்து அடர்த்தியாக்க வேண்டியதில்லை.

வலிந்து அடர்த்தியாக்கும் பழக்கத்துக்குத் திரைப்படமும் ஒரு காரணம். 1992இல் வந்த ‘சின்னக் கவுண்டர்’ போன்ற படங்களும், சத்தியராஜ், மணிவண்ணன், கோவை சரளா போன்றவர்களின் பேச்சும் கொங்குத் தமிழைத் தமிழகம் முழுக்கக் கொண்டுசேர்த்தன. அது நல்ல காரியம். ஆனால் ‘ஏனுங்’ என்பதும் ‘என்னுங்க்ணா’ என்பதும் வரிக்கு ஒருமுறை வந்தால்தான் கொங்கு என்ற எண்ணமும் அவ்வழியே பரவியது. சேலம், நாமக்கல் மக்கள் ஒரு நாள் முழுக்கப் பேசுவதைக் காதுகொடுத்துக் கேட்டால், பெரும்பகுதி பொதுவழக்குக்கு மிக நெருங்கியே இருக்கும். அடையாள ஈறுகள் விழும் இடங்கள் குறிப்பானவை: வாக்கியத்தின் முடிவு, பேச்சின் தொடக்கம், பதில் சொல்லும் இடம், மறுக்கும் இடம். அங்கே வைத்து மற்ற இடங்களில் விட்டுவிடுவதுதான் உண்மைக்கு நெருக்கமான எழுத்து.

அச்சில் எழுதுவதில் இன்னொரு தொல்லை இருக்கிறது. தமிழ் எழுத்தில் சொல்லின் கடைசியில் ‘ங்’ வராது. ‘இருங்’, ‘ஆமாங்’ என்று அச்சிட்டால் எழுத்துப் பிழையோ என்று கண் நின்றுவிடும். ‘இருங்ணா’வும் அப்படியே. இதற்காக ‘இருங்க அண்ணா’ என்று பிரித்து எழுதினால் படிக்க எளிது. ஆனால் அந்த வட்டார ஓசை போய்விடும். தேய்ந்த ஈற்றை ‘ங்க’ என்று முழுதாக எழுதி, ‘ங்ணா’வை மட்டும் அப்படியே விட்டுவிடுவது நடைமுறைக்கு ஒத்த வழி. ‘ங்க’வைப் படிக்கும் உள்ளூர்க்காரர் தானாகவே ஈற்றைத் தேய்த்துப் படித்துக்கொள்வார், வெளியூர்க்காரருக்கும் இடறல் இல்லை. எது எப்படியாயினும், ‘சித்த’, ‘சித்தெ’ என்று மாறிமாறி எழுதாமல் ஒரு பிரதியில் ஒரே எழுத்துமுறையைக் காக்க வேண்டும்.

பிரதி சரியாக வந்திருக்கிறதா என்று அறிய இரண்டு சோதனைகள் போதும். ஒன்று, வசனத்திலுள்ள வட்டாரப் பெயர்ச்சொற்களை எல்லாம் அடித்துவிட்டுப் பொதுச்சொற்களைப் போட்டுப் படித்துப் பார்ப்பது. அப்போதும் ஊர் தெரிந்தால் இலக்கணம் சரியாக அமைந்திருக்கிறது. தெரியாவிட்டால் வட்டாரம் வெறும் அலங்காரமாக ஒட்டப்பட்டிருக்கிறது. அதே வாசிப்பில் கலப்படமும் வெளிப்படும். ‘இருங்ணா’ என்று தொடங்கிய ஆள் அடுத்த வரியில் ‘பேசிக்கினு இருக்கேன்’ என்றால், அவர் நாமக்கல்லில் ஏறித் திருப்பத்தூரில் இறங்கிவிட்டார். ‘பொறுங்கோ’ என்று வந்தால் அவர் வேறு சமூகத்துக்கோ வேறு நாட்டுக்கோ போய்விட்டார்.

இரண்டாவது சோதனை, அந்த ஊர்க்காரர் ஒருவரை உரக்கப் படிக்கச் சொல்வது. ‘சரியா?’ என்று கேட்டால் மரியாதைக்காக ‘சரிங்க’ என்றுதான் சொல்வார். அதனால் கேட்கக் கூடாது. அவர் படிக்கும்போது எங்கே தயங்குகிறார், எந்தச் சொல்லைத் தன்னையறியாமல் மாற்றிப் படிக்கிறார் என்று கவனிக்க வேண்டும். ‘வந்துடறேன்’ என்று அச்சில் இருப்பதை அவர் ‘வந்தர்றேன்’ என்று வாசித்தால் திருத்தம் கிடைத்துவிட்டது. படிப்பவரும் பாத்திரத்துக்கு ஒத்த வயது, ஒத்த பாலினம், ஒத்த தொழில் உள்ளவராக இருந்தால்தான் இந்தச் சோதனை செல்லும். கல்லூரி ஆசிரியரைக் கொண்டு பட்டறைப் பையனின் வசனத்தைச் சரிபார்க்க முடியாது.

நாமக்கல் பட்டறையின் இன்றைய காட்சிக்கு ‘ஒரு நிமிசம் இருங்ணா, வந்தர்றேன்’ என்பதே அச்சுக்குப் போக வேண்டிய வாக்கியம். ‘சித்த’ அதே படத்தில், அதே பையனின் வீட்டுக் காட்சியில், அவன் பாட்டியின் வாயில் வரட்டும்.